காலிக் கட்டத்தின் படம்

"மணி அடிச்சுது, நிறுத்தினேன். அதுக்குள்ள பால்காரர் கூப்பிட்டாரு. மாத்திரை போட்டேனா இல்லையான்னு இப்ப தெரியலடி."

கும்பகோணத்திலிருந்து அம்மா இப்படிச் சொன்னபோது, சென்னையில் என் கைபேசியில் 'காலை மாத்திரை எடுத்தாயிற்று' என்ற செய்தி இருந்தது. அம்மா அலாரத்தை நிறுத்தியதையே மாத்திரை போட்டதாக அந்தச் செயலி எடுத்துக்கொண்டிருந்தது. மணியை நிறுத்துவது ஒரு வேலை, மாத்திரையை விழுங்குவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில்தான் மறதி வருகிறது. அன்றைக்கு மருத்துவரைக் கேட்டபோது, சந்தேகம் இருந்தால் மறுபடி போட வேண்டாம் என்றார். சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

அதற்குப் பிறகு ஏற்பாட்டை முதலிலிருந்து மாற்றினோம். அம்மாவுக்கு வயது 74. தைராய்டுக்குத் தைராக்சின், சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் என்று ஐந்து மருந்துகள். கடிகாரத்தை வைத்து நேரம் குறிக்காமல், அம்மா நாள் தவறாமல் செய்யும் வேலைகளோடு மருந்துகளைச் சேர்த்தோம். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபி அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் எழுந்து பல் தேய்த்ததும் தைராக்சின், ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. தட்டில் இட்லி வைத்த பிறகு சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும். இரவுச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாடின்.

ஏழு நாளுக்கும் மூன்று வேளைக்குமாக 21 கட்டங்கள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கினோம். எந்த மாத்திரையைப் பட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கலாம் என்பதை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். ஞாயிறு சாயங்காலம் வீடியோ அழைப்பில் நான் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பெட்டியை நிரப்புவாள். மருத்துவர் அளவை மாற்றினால் ஞாயிறு வரை காத்திருப்பதில்லை. அன்றே மீதி நாட்களின் கட்டங்களைக் கொட்டி மறுபடி நிரப்பிவிடுவோம்.

காலை எட்டு மணிக்கு அலாரம் அடிக்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும். மாத்திரையை விழுங்கிய பிறகு அம்மா அந்தக் கட்டத்தைத் திறந்தபடி படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவாள். மூடியில் கிழமை எழுதியிருப்பதால் நேற்றைய படம் வந்தாலும் தெரிந்துவிடும். போட்டோமா என்று அம்மாவுக்கே சந்தேகம் வந்தாலும் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

படம் வராவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். இணையம் இல்லாமல் போகலாம், கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். செய்தி வராததை நானாகக் கவனிப்பேன் என்று நம்பியிருக்க முடியாது, அலுவலக அவசரத்தில் மறந்துவிடுவேன். அதனால் எட்டே முக்காலுக்கு என் கைபேசியிலும் ஓர் அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போது படம் வந்திருக்காவிட்டால் அம்மாவைக் கூப்பிடுவேன். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுவேன், அவரிடம் சாவி இருக்கிறது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்த்துப் பெட்டியையும் பார்த்துச் சொல்வது மட்டும்தான் அக்காவின் வேலை. மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வேளை தவறினால் எந்த மருந்துக்கு என்ன செய்வது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. விட்டுப்போனதையும் சேர்த்து அடுத்த வேளை இரட்டையாகப் போடக் கூடாது என்பது அதில் முதல் வரி.

கட்டம் காலியானதால் மாத்திரை வயிற்றுக்குள் போயிற்று என்று முழுக்க நம்பிவிட முடியாது. ஒருமுறை பெருக்கும்போது மேசைக்கடியில் அம்லோடிபின் ஒன்று கிடந்தது. படங்கள் ஒழுங்காக வந்தும் அழுத்தமோ சர்க்கரையோ காரணமில்லாமல் ஏறினால், அம்மா மாத்திரை போடுவதைச் சில நாள் வீடியோவில் கூடவே இருந்து பார்ப்பேன்.

போன மாதம் ஒரு நாள் எட்டே முக்கால் ஆகியும் படம் வரவில்லை. கூப்பிட்டேன். விடியற்காலையிலிருந்து வாந்தி, ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். "நீ கோவிச்சுப்பியேன்னு மாத்திரைய மட்டும் போட்டுடலாம்னு எடுத்தேன்டி." வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வந்துவிடலாம். வேண்டாம் என்று தடுத்துவிட்டு மருத்துவரிடம் பேசினேன்.

அன்று சாயங்காலம் இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம். சாப்பிட முடியாத நாளில் மாத்திரை இருக்கிற கட்டத்தையே படமெடுத்து அனுப்பச் சொன்னேன். போடவில்லை என்பதையும் தயங்காமல் எனக்குச் சொல்ல அம்மாவுக்கு இப்போது வழி இருக்கிறது.