ஒரு பீப்பாய் எண்ணெயில் எத்தனை யூனிட்?

உலக எரிசக்தி அறிக்கைகளைத் திறந்தால் ஒரு பக்கத்தில் பீப்பாய், அடுத்த பக்கத்தில் toe, இன்னொன்றில் kWh. இவற்றில் நமக்குப் பழக்கமானது கடைசியாக உள்ளது மட்டும்தான். மின் கட்டண அட்டையில் யூனிட் என்று வருவது அதுதான். மற்ற இரண்டையும் யூனிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி மிரட்சி போய்விடும்.

toe என்பது ஒரு டன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றல். பாரிஸில் உள்ள சர்வதேச எரிசக்தி முகமை இதை 1,000 கோடி கலோரி வெப்பம் என்று வரையறுத்திருக்கிறது. யூனிட்டில் 11,630. எந்தக் கிணற்று எண்ணெய் என்ற கேள்விக்கே இடமில்லை. இது பேசிவைத்துக்கொண்ட எண்.

பீப்பாய் என்பது 42 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 159 லிட்டர். அதன் ஆற்றலை 58 லட்சம் பிடியூ என்று கொள்வது அமெரிக்க வழக்கம். அது ஏறத்தாழ 1,700 யூனிட்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு டன் கச்சா எண்ணெய் சராசரியாக 7.33 பீப்பாய் வரும். 11,630ஐ அதனால் வகுத்தால் 1,587தான் கிடைக்கிறது. மீதி எங்கே போனது? எண்ணெய் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து திரும்பத் தரும் வெப்பத்தையும் அமெரிக்கக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. முகமையின் கணக்கு அதை விட்டுவிடுகிறது. வித்தியாசத்தின் பெரும்பகுதி இதுவே. ஆகவே ஒரு கணக்கின் எண்ணையும் இன்னொன்றின் எண்ணையும் கலந்தால் ஏழு சதவீதம் வரை பிசகும்.

இதைவிடப் பெரிய குழி மின்சாரத்தில் இருக்கிறது. மேலே சொன்ன யூனிட் எல்லாம் வெப்பம். ஒரு டன் எண்ணெயை அனல் மின் நிலையத்தில் எரித்தால், 38 சதவீதத் திறனில், சுமார் 4,400 யூனிட் மின்சாரமே கம்பியில் ஏறும். மற்றது வெப்பமாகவே வெளியேறிவிடும்.

அப்படியானால் எண்ணெயே எரிக்காத அணைக்கட்டு மின்சாரத்தை எப்படி toe ஆக்குவது? 1,000 கோடி யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நீர்மின்சாரம் என்றால் முகமை 11,630ஆல் நேரடியாக வகுத்து 8.6 லட்சம் toe என்று எழுதும். அதே அளவு அணுமின்சாரம் என்றால், உலையின் வெப்பத்தில் 33 சதவீதமே மின்சாரமாகிறது என்று கொண்டு, சுமார் 26 லட்சம் toe என்று எழுதும். வீட்டுக்கு வந்த யூனிட் இரண்டிலும் ஒன்றுதான். அட்டவணையில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். பி.பி. நிறுவனத்தின் ஆண்டறிக்கையோ பல காலம் இரண்டுக்குமே 38 சதவீதம் என்று வைத்து, ஏறக்குறைய 23 லட்சம் என்று காட்டியது.

அணுவை நம்பும் பிரான்ஸையும் அருவிகளை நம்பும் நார்வேயையும் மொத்த toe-யை வைத்து ஒப்பிடுவது இதனால்தான் ஏமாற்றுகிறது. அத்தகைய ஒப்பீட்டைக் கண்டால், நீர்மின்சாரத்தை எந்தத் திறனில் மாற்றினார்கள் என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் மின்சாரத்தை மின்சாரத்தோடு, யூனிட்டிலேயே ஒப்பிடுங்கள்.