கூடாரத்துக்குள் கேம்: எத்தனை வாட், எத்தனை மணி நேரம்?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் நினைத்த நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்ட முடியாது. காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை என்று நேரம் குறித்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து கன்சோலைக் கையில் எடுக்கிற நேரத்தில் ஜெனரேட்டர் மூச்சு விடக்கூடாது. சத்தமும் புகையும் இல்லாத பவர் ஸ்டேஷன்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கைகொடுக்கின்றன.

பவர் ஸ்டேஷன் என்பது கைப்பிடி வைத்த பெரிய லித்தியம் பேட்டரி. உள்ளேயே இன்வெர்ட்டர் இருப்பதால் வீட்டுச் சுவரில் வருவது போன்ற ஏ.சி. மின்சாரத்தைத் தரும். அதோடு யு.எஸ்.பி. துளைகளும், காரில் சிகரெட் லைட்டர் இருக்கும் இடத்தில் காண்கிற 12 வோல்ட் சாக்கெட்டும் இருக்கும். கன்சோல், மானிட்டர், ரவுட்டர் மூன்றையும் இதில் செருகினால் ஆட்டம் தொடங்கிவிடும். எப்போது நின்றுபோகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கணக்கு வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வாட். ஒரே நேரத்தில் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை அது சொல்லும். மற்றொன்று வாட்-அவர். மொத்தம் எவ்வளவு மின்சாரம் சேமிப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லும். மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கிற ஒரு யூனிட் 1000 வாட்-அவர். ஜாக்கெரி எக்ஸ்புளோரர் 500 என்ற பவர் ஸ்டேஷனின் பாரம் தாங்கும் அளவு 500 வாட், சேமிப்பு 518 வாட்-அவர். அதாவது அரை யூனிட் மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறோம்.

இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஈகோஃப்ளோ ரிவர் 2 என்ற சிறிய பவர் ஸ்டேஷன் 300 வாட் தரும். 200 வாட் இழுக்கிற பிளேஸ்டேஷன் 5 அதில் தாராளமாக ஓடும். ஆனால் சேமிப்பு 256 வாட்-அவர்தான். மானிட்டரும் ரவுட்டரும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

அடுத்து, கருவிகள் எவ்வளவு இழுக்கின்றன என்று பார்க்க வேண்டும். இங்கே ஸ்டிக்கரை நம்பினால் கணக்கு தப்பிப்போகும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் முதுகில் 350 வாட் என்று அச்சிட்டிருக்கும். அது உச்சவரம்பு. கனமான கேம் ஓடும்போது சுமார் 200 வாட்தான் இழுக்கும்; மெனுவில் சும்மா நிற்கும்போது அதைவிடப் பல மடங்கு குறைவு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஆட்டத்தின்போது 70 முதல் 80 வாட் எடுக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் டி.வி.யோடு இணைத்து ஆடும்போதும் 15 வாட்டை ஒட்டியே நிற்கும். 24 அங்குல மானிட்டருக்கு 20 வாட் போதும். வெளிச்சத்தைக் கூட்டினால் அதுவும் ஏறும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரோடு வரும் ரவுட்டர் 12 வாட்டைத் தாண்டாது. பெரும்பாலும் 8 வாட்டில் வேலை முடிந்துவிடும்.

இவை பொதுவான அளவுகள். சொந்தக் கருவியின் அளவைத் தெரிந்துகொள்ளச் சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே செருகுகிற பவர் மீட்டர் ஒன்று வேண்டும். வீட்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று கருவிகளையும் மாட்டி, அந்த பாக்ஸை மீட்டர் வழியாகச் சுவரில் செருகுங்கள். பயணத்தில் ஆடப்போகிற கேம்களில் கனமானது எதுவோ அதை ஒரு மணி நேரம் ஆடுங்கள். திரையில் துள்ளுகிற வாட் எண்ணைத் துரத்த வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு செலவானது என்று மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.103 யூனிட் என்று காட்டினால் சராசரி 103 வாட். பிறகு கன்சோலைத் தூங்கவைத்துவிட்டு, அந்த நிலையில் அது இழுக்கும் வாட்டையும் பாருங்கள். இந்த எண் பின்னால் உதவும்.

இனி கணக்கு. சீரிஸ் எஸ் 75, மானிட்டர் 20, ரவுட்டர் 8. கூட்டினால் 103 வாட். 518-ஐ நேராக 103-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம் வரும். அவ்வளவு கிடைக்காது. பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும்போது இன்வெர்ட்டர் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. சேமிப்பில் 85 சதவீதம் கையில் வரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

```
518 × 0.85 = 440
440 ÷ 103 = 4.27
```

ஆக, நாலேகால் மணி நேரம். சீரிஸ் எஸ் இருந்த இடத்தில் பிளேஸ்டேஷன் 5-ஐ வைத்தால் பாரம் 228 வாட் ஆகி, ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். ஸ்விட்ச் என்றால் 43 வாட். கணக்குப்படி பத்து மணி நேரம் வர வேண்டும். ஆனால் பாரம் குறையக் குறைய 85 சதவீதக் கணக்கு பொய்த்துப்போகும். எதையும் இயக்காமல் ஏ.சி. பட்டனை மட்டும் போட்டு வைத்தாலே இன்வெர்ட்டர் தனக்கென்று 10 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. 228 வாட் பாரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. 43 வாட் பாரத்தில் நன்றாகவே தெரியும். அதனால் ஸ்விட்சுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

பேட்டரி உண்மையில் காணாமல் போவது ஆட்டத்தின்போது அல்ல, எல்லோரும் தூங்கிய பிறகு. இரவு பதினொரு மணிக்குக் கன்சோலை ஸ்லீப் நிலையில் விட்டு, காலையில் மெசேஜ் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரை அணைக்காமல் படுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் ரவுட்டர் 64 வாட்-அவர் எடுக்கும். ஸ்லீப் நிலையில் எக்ஸ்பாக்ஸ் சுமார் 12 வாட் எடுப்பதால் அதற்கு 96. விழித்துக்கொண்டே இருக்கிற இன்வெர்ட்டருக்கு 80. மொத்தம் 240 வாட்-அவர். யாரும் ஆடாத இரவில் கிட்டத்தட்டப் பாதி பேட்டரி காலி. பல பவர் ஸ்டேஷன்களின் திரை, இன்வெர்ட்டர் தனக்காக எடுத்துக்கொள்வதைக் காட்டுவதும் இல்லை. பாரம் 20 வாட் என்று காட்டும். சதவீதம் மட்டும் அதைவிட வேகமாக இறங்கும். இப்படி இறங்கினால் இன்வெர்ட்டர்தான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. எக்ஸ்பாக்ஸ் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் ஸ்லீப்புக்குப் பதில் ஷட்டவுன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதன் இரவுச் செலவு அரை வாட்டுக்கு இறங்கிவிடும். ரவுட்டரை ஏ.சி.யில் செருகாமல் 12 வோல்ட் கார் சாக்கெட்டிலிருந்து நேராக இயக்கலாம். ரவுட்டரின் அடாப்டர் செய்வதும் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றுவதுதானே! பேட்டரியின் டி.சி.யை ஏ.சி. ஆக்கி, மறுபடியும் டி.சி. ஆக்குவது வீண் சுற்று. ஒரு முனையில் கார் பிளக், மறுமுனையில் ரவுட்டருக்குப் பொருந்தும் உருளை முள் உள்ள கேபிள் போதும். அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 5 அல்லது 9 வோல்ட் ரவுட்டரை இதில் மாட்டினால் கருகிப்போகும். முள்ளின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் காட்டும் சிறு படமும் அடாப்டரில் இருக்கும். அது கேபிளோடு ஒத்துப்போக வேண்டும். பவர் ஸ்டேஷனின் 12 வோல்ட் வெளியீடு நிலையானதா என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் செய்து, ஏ.சி. பட்டனையும் அணைத்துவிட்டுப் படுத்தால் இரவுச் செலவு 240-லிருந்து 70 வாட்-அவருக்கு இறங்கும். ஒரு சிக்கல் வரலாம். பாரம் மிகக் குறைவாக இருந்தால் சில மாடல்கள் பேட்டரியைச் சேமிப்பதாக நினைத்துத் தாமே அணைந்துவிடும். ரவுட்டர் நடு இரவில் நின்றுபோனால் ஈகோ மோட் என்ற அமைப்பைத் தேடி நிறுத்துங்கள்.

இப்போது ஒரு நாள் திட்டம் போடலாம். மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் பேட்டரியிலிருந்து 364 வாட்-அவர். இரவு முழுக்க ரவுட்டருக்கு 70. காலையில் 84 மிச்சம், அதாவது 16 சதவீதம். இந்த மிச்சம் வீண் அல்ல. பேட்டரி அடியோடு தீர்ந்தால் கன்சோல் சொல்லாமல் கொள்ளாமல் அணையும். கேம் சேவ் ஆகிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பு கெட்டுப்போகலாம். யாராவது டீ போட எலெக்ட்ரிக் கெட்டிலைச் செருகினாலும் இதே கதிதான். 1500 வாட் கெட்டிலை 500 வாட் பெட்டி தாங்காது; பாதுகாப்புக்காக ஏ.சி.யைத் துண்டித்துக்கொள்ளும்.

இரண்டாம் இரவும் தங்கினால் சோலார் பேனல் வேண்டும். 100 வாட் பேனல் நல்ல வெயிலிலும் 60, 70 வாட்தான் தரும். ஐந்து மணி நேர வெயிலுக்கு சுமார் 325 வாட்-அவர். முந்தைய மிச்சத்தோடு சேர்த்தால் 409. மறுநாள் ஆட்டத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகும். பேனல் வெயிலில் கிடக்கட்டும். பவர் ஸ்டேஷன் நிழலில், காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு போகும் முன் அந்த இடத்தில் சிம்முக்கு சிக்னல் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் 8 வாட் வீண். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வசதி கிடையாது. அதனால் கேம்களையும் அப்டேட்களையும் வீட்டிலேயே இறக்கி, அந்த கன்சோலை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்று குறித்து வைத்தால் இணையம் இல்லாமலும் ஆடலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் பவர் ஸ்டேஷன் வாங்கி வரட்டும் என்று நினைப்பவர்களுக்கு: 160 வாட்-அவரைத் தாண்டிய லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது. வேறு வழியில் வந்து சேர்ந்தாலும் அங்கே விற்கிற பெட்டி 120 வோல்ட்தான் தரும்; நம் ஊரில் 230. இங்கேயே வாங்குவதுதான் நல்லது. ஸ்விட்ச் அல்லது சீரிஸ் எஸ் வைத்திருப்பவருக்கு ஓர் இரவுக்கு 500 வாட்-அவர் போதும். பிளேஸ்டேஷன் 5 என்றால் 1000 வாட்-அவருக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம்.