ரோமர் நிருபத்தை எழுதிய கை

ரோமர் நிருபத்தை எழுதியது யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், பவுல் என்று ஒரே குரலில் சொல்வார்கள். ஆனால் அதன் 16ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தில், 'இதை எழுதியவன் நான்' என்று தெர்தியு என்பவர் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். அடுத்த வசனத்தில் காயு வருகிறார். பவுலைத் தங்க வைத்ததும், சபை முழுவதற்கும் வீட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான். அதிகாரத்தின் தொடக்கத்திலேயே பெபேயாள் இருக்கிறாள். கொரிந்துவின் துறைமுக ஊரான கெங்கிரேயாவின் சபையில் ஊழியம் செய்தவள். கடிதத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவள் அவளே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

வேலைக்கு ஆள் வராத சபையில் ஆவிக்குரிய வரங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், இந்த மூவரிடமிருந்து தொடங்குவது நல்லது. இவர்களில் யாரும் பிரசங்கம் செய்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை. ஒருவர் எழுதினார், ஒருவர் வீடு கொடுத்தார், ஒருத்தி பயணம் போனாள்.

வழக்கமாக இந்தப் பாடம் 1 கொரிந்தியர் 12இல் தொடங்கும். அங்கே 8 முதல் 10 வரையான வசனங்களில் ஒன்பது வரங்கள் உண்டு: ஞானம், குணமாக்குதல், அற்புதம், பல பாஷை என்று எல்லாமே பெரியவை. 'இதில் ஒன்றும் என்னிடம் இல்லை' என்று கேட்கிறவர் அங்கேயே ஒதுங்கிவிடுவார். ரோமர் 12இல் பவுல் தரும் பட்டியல் வேறு. அதில் ஏழு. பகிர்ந்து கொடுப்பதும், இரக்கம் செய்வதும் வரங்களாகவே எண்ணப்படுகின்றன. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பது தீர்க்கதரிசனம் ஒன்றுதான். எந்தப் பட்டியலையும் முழுமையானதாகப் பவுல் நினைக்கவில்லை என்பதை இதிலிருந்தே காட்டலாம்.

கொரிந்துவின் சிக்கல் நம்முடையதற்கு நேர் எதிரானது. அங்கே பேச ஆள் அதிகம். ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள் என்று 14ஆம் அதிகாரத்தில் ஒழுங்கு சொல்லவேண்டியிருந்தது. ஆனால் வேர் ஒன்றுதான்: கண்ணில் படுகிற வேலைக்கு மட்டும் மதிப்பு. அதனால்தான் சரீரத்தைப் பற்றிச் சொல்லும்போது பவுல் இரண்டு குரல்களைக் கேட்கவைக்கிறார். 'நான் கையல்ல, எனக்கு இங்கே இடமில்லை' என்கிறது கால். 'நீ எனக்கு வேண்டாம்' என்கிறது கண், கையைப் பார்த்து. நம் பாடங்கள் காலைத் தட்டிக்கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. கண்ணை யாரும் கண்டிப்பதில்லை. ஆராதனையில் முன்னால் நிற்பதும், மைக்கைப் பிடிப்பதும், கணக்கைப் பார்ப்பதும் அதே நாலு பேர் என்றால், மற்றவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டக் கூடாது. நீங்கள் வேண்டாம் என்று அவர்களிடம் யாரோ சொல்லாமல் சொல்லியிருக்கலாம்.

வசனங்களை வாசித்த பிறகு ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு, கதவு திறப்பது முதல் பூட்டுவது வரை என்னென்ன வேலை என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: பெருக்குவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது, பாட்டு எண்களைப் பலகையில் போடுவது, திருவிருந்துப் பாத்திரம் கழுவுவது, காணிக்கை எண்ணுவது, வராதவரைப் போய்ப் பார்ப்பது. பக்கத்தில் இப்போது அதைச் செய்கிறவர் பெயர். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைச் சபை தன் கண்ணாலேயே பார்க்கட்டும். மூன்றாவதாக, அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து அசனத்தில் காய் நறுக்க ஆள் தேடி அறிவிப்பு வாசிக்கவேண்டியதில்லை. வேலை இன்னது, எப்போது முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். 'ஊழியத்துக்கு முன்வாருங்கள்' என்ற பொதுவான அழைப்பில் அந்தத் தெளிவு கிடையாது.

ஆகவே பீடத்திலிருந்து அழைக்காமல் ஆளிடமே போய்க் கேளுங்கள். 'அக்கா, மூன்று மாதம் மட்டும், ஏற்கெனவே செய்கிறவரோடு சேர்ந்து பாத்திரம் கழுவ வருவீங்களா?' என்று வேலையையும் காலத்தையும் சொல்லிக் கேட்டால் பதில் சொல்வது எளிது. 'இல்லை' என்றால் விட்டுவிடவேண்டும். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர் ஏற்கெனவே இரக்கத்தின் ஊழியத்தில்தான் இருக்கிறார். அவரைக் குற்ற உணர்வில் தள்ள இந்தப் பாடம் பயன்படக் கூடாது.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. எல்லா வேலையும் சமம் என்று பிரசங்கிக்கிற சபையில் கமிட்டித் தேர்தலுக்குப் போட்டி இருக்கும், துடைப்பத்துக்கு இருக்காது. பெருக்குவது எப்போதும் பெண்களுக்கோ கோயில்பிள்ளைக்கோ என்று இருந்தால், எந்தப் பாடமும் எடுபடாது. கனவீனமாகத் தோன்றும் உறுப்புக்கே அதிகக் கனம் என்று பவுல் சொன்னதைக் கமிட்டி முதலில் செய்து காட்டட்டும். தாளில் பெருக்கும் வேலைக்கு எதிரே அடுத்த மூன்று மாதத்துக்குச் செயலாளர், பொருளாளர் பெயர்களை எழுதிவிட்டு, பிறகு மற்றவர்களிடம் கேளுங்கள்.