பங்கு வாங்காமல் ஒரு கவர்டு கால்

கையில் இருக்கும் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது கால் ஆப்ஷனை, மாதாமாதம் பிறருக்கு விற்றுப் பிரீமியம் ஈட்டும் முறைக்குக் கவர்டு கால் என்று பெயர். அமெரிக்கச் சந்தையில் ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளுக்கு உரியது. எனவே 100 டாலர் விலையுள்ள பங்கில் இதைச் செய்ய 10,000 டாலர் முதல் வேண்டும். அவ்வளவு பணத்தை முடக்க விரும்பாதவர்கள், பங்குகளுக்குப் பதிலாக நீண்ட தவணையுள்ள ஒரு கால் ஆப்ஷனை வாங்கி வைத்துக்கொண்டு, குறுகிய தவணை கால்களை விற்கிறார்கள். சிகாகோ ஆப்ஷன் சந்தை 1990-இல் 'லீப்ஸ்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய நீண்ட தவணை ஆப்ஷன்களே இதற்குப் பயன்படுகின்றன.

வாங்கும் ஆப்ஷனின் ஸ்ட்ரைக் விலை, பங்கின் நடப்பு விலைக்கு வெகு கீழே இருக்க வேண்டும். மேற்சொன்ன பங்குக்கு ஒன்றரை ஆண்டுத் தவணையில் 75 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட கால், பங்குக்கு 32 டாலருக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். இதில் 25 டாலர் உள்ளார்ந்த மதிப்பு. மீதி 7 டாலர் கால மதிப்பு; தவணை முடிவதற்குள் இது முழுவதும் கரைந்துவிடும். பங்கு ஒரு டாலர் ஏறினால் இந்த ஆப்ஷன் ஏறக்குறைய 87 சென்ட் ஏறும். பங்கை ஒட்டியே நகர்வதால்தான் இது பங்கின் இடத்தில் நிற்க முடிகிறது. நடப்பு விலையை ஒட்டிய ஸ்ட்ரைக் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் அதன் விலை முழுவதும் கரையக்கூடிய கால மதிப்பாகவே இருக்கும்.

அடுத்து, ஐந்து வாரத் தவணையில் 107 டாலர் ஸ்ட்ரைக் கொண்ட கால் ஒன்றை ஒன்றரை டாலருக்கு விற்க வேண்டும். நிகரச் செலவு பங்குக்கு 30.50 டாலர்; ஒப்பந்தத்துக்கு 3,050 டாலர். இங்கே கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் உள்ள இடைவெளி நிகரச் செலவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கு இடைவெளி 32 டாலர். ஆகவே பங்கு எவ்வளவு வேகமாக ஏறினாலும் நட்டம் வராது.

ஐந்து வாரம் கழித்துப் பங்கு 107-க்குக் கீழே நின்றால், விற்ற கால் மதிப்பற்றுப்போகும். 150 டாலர் கையில் தங்கும். அடுத்த காலை விற்கலாம். பங்கு 120-க்கு ஏறிவிட்டால் விற்ற காலைத் திரும்ப வாங்க 13 டாலர் ஆகும். வாங்கிய காலோ அப்போது 50 டாலர் அளவில் இருக்கும். இரண்டையும் சேர்த்து முடித்தால் 37 டாலர் வரும். லாபம் சுமார் 650 டாலர். அதற்குப் பதிலாக நீண்ட தவணைக் காலின் உரிமையைப் பயன்படுத்தி 75-க்குப் பங்கை எடுத்து 107-க்குக் கொடுத்தால், லாபம் 150 டாலராகச் சுருங்கும். எஞ்சியிருந்த 5 டாலர் கால மதிப்பு அதில் வீணாகிறது. ஏறிய பங்கைக் கண்டு பதறி உரிமையைப் பயன்படுத்துவது இம்முறையில் அடிக்கடி நேரும் பிழை.

விலை இறங்கும்போதுதான் பெரிய ஆபத்து. பங்கு 80-க்கு வந்தால் நீண்ட தவணைக் கால் 16 டாலர் அளவுக்கு இறங்கும். பிரீமியம் போக நட்டம் ஏறத்தாழ 1,450 டாலர். போட்ட முதலில் பாதி. பங்கையே வைத்திருந்தவருக்கு நட்டம் 1,850 டாலர், ஆனால் அது அவர் முதலில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவர் காத்திருக்கவும் முடியும். ஆப்ஷனுக்கோ தவணை உண்டு. அது முடியும் நாளில் பங்கு 75-க்குக் கீழே இருந்தால், அதற்குக் கொடுத்த 3,200 டாலரும் போய்விடும்.

இறங்கிய நிலையில் வேறொரு பொறியும் காத்திருக்கிறது. நல்ல பிரீமியம் கிடைக்கிறதே என்று 85 ஸ்ட்ரைக்கில் காலை விற்றால், இடைவெளி 10 டாலராகக் குறுகிவிடும். செலவோ 30 டாலரை ஒட்டி நிற்கிறது. பங்கு சட்டென்று மீண்டு ஏறினால், அந்த ஏற்றமே நட்டத்தை உறுதியாக்கிவிடும்.

ஈவுத்தொகையும் கணக்கில் வர வேண்டும். ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. விற்ற கால் லாபத்தில் இருந்து, அதன் எஞ்சிய கால மதிப்பு ஈவுத்தொகையைவிடக் குறைந்தால், வாங்கியவர் ஈவுத்தொகைக்கான எக்ஸ்-தேதிக்கு முந்தைய நாளே பங்கைக் கேட்டுவிடக்கூடும். கையில் பங்கு இல்லாததால் விற்றவர் கணக்கில் 100 பங்குகள் கடனாக ஏறும். ஈவுத்தொகையையும் அவரே கட்ட வேண்டும். எனவே அந்தத் தேதிக்கு முன்பே விற்ற காலைத் திரும்ப வாங்கிவிடுவது அல்லது அடுத்த தவணைக்கு மாற்றுவது வழக்கம்.

இந்தியாவில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் மூன்று மாதத் தவணைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், இம்முறையை இங்கே பங்குகளில் இதே வடிவில் கையாள வழியில்லை.