துப்புச் சொல்லும் பக்கத்து வினையும்

எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல்கட்டத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிப்பு. ஆங்கிலப் பகுதியில் காலத்தைச் சோதிக்கும் கேள்வி பல வேடங்களில் வரும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள், பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், வாக்கியத்தைத் திருத்தச் சொல்வார்கள். பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரு பட்டியல் தருவது வழக்கம்: ‘யெஸ்டர்டே’ வந்தால் இறந்தகாலம், ‘சின்ஸ்’ வந்தால் ‘ஹாஸ்’ அல்லது ‘ஹாவ்’, ‘டுமாரோ’ வந்தால் ‘வில்’. பட்டியலில் தவறில்லை. அதை வைத்து நேராக விடையைப் பிடிக்கப் போகும்போதுதான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். துப்புச் சொல்லின் வேலை தவறான விடைகளை அடிப்பது. எது சரி என்று முடிவு செய்ய, வாக்கியத்தில் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு வினையையும் பார்த்தாக வேண்டும்.

எளிய கேள்வி ஒன்றில் தொடங்கலாம். “தி கம்பெனி ____ த்ரீ பிராஞ்சஸ் சின்ஸ் 2019.” விடைகள்: அ. ஓபன்ட், ஆ. ஹாஸ் ஓபன்ட், இ. ஹாவ் ஓபன்ட், ஈ. இஸ் ஓபனிங். இங்கே துப்புச் சொல்லைத் தேடும் முன் எழுவாயைப் பாருங்கள். ‘தி கம்பெனி’ ஒருமை, அதனால் ‘ஹாவ்’ நிற்காது. காலத்தைப் பற்றி யோசிக்காமலேயே ஒரு விடை போய்விட்டது. அடுத்து ‘சின்ஸ் 2019’. 2019இல் தொடங்கி இன்றுவரை நீளும் காலம் அது. ‘ஓபன்ட்’ முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்கிறது. ‘இஸ் ஓபனிங்’ இப்போது நடப்பதையோ இனி நடக்கப்போவதையோ சொல்கிறது. இரண்டும் இன்றுவரை நீளும் காலத்தோடு சேராது. மிஞ்சுவது ‘ஹாஸ் ஓபன்ட்’.

இப்போது ‘சின்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘இன்’ போடுங்கள். “தி கம்பெனி ____ த்ரீ பிராஞ்சஸ் இன் 2019.” அதே நான்கு விடைகள், ஆனால் இப்போது சரியானது ‘ஓபன்ட்’. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கே ‘ஹாஸ் ஓபன்ட்’ போடுகிறார்கள், அதற்குக் காரணம் உண்டு. “அந்தக் கம்பெனி 2019இல் மூன்று கிளைகள் திறந்திருக்கிறது” என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். “நேற்று வந்திருக்கிறார்” என்பதும் நமக்கு இயல்பான பேச்சு. ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. முடிந்துபோன நேரம் ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹாஸ்’, ‘ஹாவ்’ இரண்டுக்கும் அங்கே இடமில்லை. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2019’ இவற்றில் எதைக் கண்டாலும் அந்த விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று இந்த இடத்தில் தமிழ்க் காதை நம்பக் கூடாது.

கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அந்தப் பட்டியல் தெரியும். அதனால் துப்புச் சொல்லையே தூண்டிலாகப் போடுவார்கள். “சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வி ____ அட் ஹோம்” என்று வரும். ‘சின்ஸ்’ கண்ணில் பட்டதும் ‘ஹாவ் ஸ்டேய்ட்’ என்று கை போகும். ஆனால் இங்கே ‘சின்ஸ்’ காரணத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் ‘பிகாஸ்’ போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் கெடாமல் இருந்தால் அது காலத்துப்பே அல்ல. அடுத்து செய்ய வேண்டியது பக்கத்து வினையைப் பார்ப்பது. ‘வாஸ் ரெய்னிங்’ இறந்தகாலம், ஆகவே ‘ஸ்டேய்ட்’.

‘ஃபார்’ இன்னும் வழுக்கும். “ஹி ____ இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ் பிஃபோர் ஹி மூவ்ட் டு சென்னை.” விடைகள்: அ. ஹாஸ் வொர்க்ட், ஆ. வொர்க்ஸ், இ. ஹாஸ் பீன் வொர்க்கிங், ஈ. வொர்க்ட். ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதோடு படிப்பதை நிறுத்தியவர் ‘ஹாஸ் பீன் வொர்க்கிங்’ குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ‘ஃபார்’ எவ்வளவு காலம் என்று மட்டுமே சொல்லும். அந்தக் காலம் முடிந்ததா, தொடர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வாக்கியத்தின் பின்பாதியில் ‘மூவ்ட்’ இருக்கிறது. ஆள் சென்னைக்குப் போய்விட்டார், மதுரை வேலை முடிந்துவிட்டது. அதனால் நிகழ்காலத்தைத் தொடும் முதல் மூன்று விடைகளும் ஒரே அடியில் போகின்றன. முற்றுப்புள்ளிவரை படித்த பிறகே விடைகளைப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டால் இந்த வகைக் கேள்வி வெகுவாக எளிதாகிவிடும்.

பக்கத்து வினையின் பலத்தை ‘பை தி டைம்’ போல வேறெதுவும் காட்டுவதில்லை. “பை தி டைம் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ____.” விடை ‘ஹாட் லெஃப்ட்’. நாம் போய்ச் சேர்ந்தது இறந்தகாலம், ரயில் கிளம்பியது அதற்கும் முன்னால். ‘ரீச்ட்’ என்பதை ‘ரீச்’ ஆக்கிவிட்டால் கதையே மாறிவிடும். “பை தி டைம் வி ரீச் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் வில் ஹாவ் லெஃப்ட்.” துப்புச் சொல் இரண்டிலும் ஒன்றுதான். விடையை மாற்றியது வினையின் கடைசி இரண்டு எழுத்துகள். ‘ஹாட்’, ‘வில் ஹாவ்’ இரண்டும் விடைகளில் சேர்ந்து இருந்தால், கேள்வி இந்த இரண்டு எழுத்தைத்தான் சோதிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழ் நம்மை இடறச் செய்யும் இன்னொரு இடமும் உண்டு. “ஐ வில் வெய்ட் அண்டில் ஹி ____.” விடைகளில் ‘கம்ஸ்’, ‘வில் கம்’ இரண்டும் இருக்கும். “அவர் வரும்வரை காத்திருப்பேன்” என்று நினைப்பவருக்கு, இனிமேல் நடக்கப்போவதுதானே என்று ‘வில் கம்’ சரியாகத் தோன்றும். ஆங்கிலத்தில் ‘அண்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’, நேரத்தைச் சொல்லும் ‘வென்’ இவற்றை அடுத்த வினையில் எதிர்காலத்துக்கான ‘வில்’ வராது. எதிர்காலத்தை வாக்கியத்தின் மறுபாதி சுமக்கிறது. விடை ‘கம்ஸ்’. ‘வென்’ மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டிய சொல். “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” சரியான வாக்கியம்தான். தமிழில் ‘வரும்போது’ என்று பொருள்பட்டால் ‘வில்’லை அடியுங்கள். ‘எப்போது வருவார்’ என்று கேள்வியாகப் பொருள்பட்டால் விட்டுவையுங்கள்.

எல்லாம் பார்த்த பின்னும் இரண்டு விடைகள் மிஞ்சும் கேள்விகள் உண்டு. அப்போது குறிப்பதா, விட்டுவிடுவதா? சி.ஜி.எல். மதிப்பெண் முறையில் இதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாகக் கேள்விக்கு 0.125 மதிப்பெண்தான் தேறும். ஒரு விடையை உறுதியாக அடித்திருந்தால் அது ஏறக்குறைய 0.33 ஆகும். இரண்டை அடித்திருந்தால் 0.75. எழுவாயைப் பார்த்து ஒன்று, துப்புச் சொல்லைப் பார்த்து ஒன்று என இரண்டை அடித்த பிறகு கேள்வியை வெறுமையாக விடுவது நட்டம். ஆனால் ‘உறுதியாக’ என்பதை அடிக்கோடிட வேண்டும். தவறான காரணத்துக்காகச் சரியான விடையையே அடித்துவிட்டால், மிஞ்சிய இரண்டில் எதைக் குறித்தாலும் அரை மதிப்பெண் போகும். அதனால் மாதிரித் தேர்வு எழுதிய பின் குறித்த விடை சரியா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அடித்த ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணத்தை இரண்டு மூன்று சொற்களில் எழுதிப் பாருங்கள்: “ஒருமை”, “முடிந்த நேரம்”, “பக்கத்து வினை இறந்தகாலம்”. காரணம் எழுத வராத இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம்.