சுருங்கும் இடைவெளிகளில் சிக்கும் ஒரே எண்

கால்குலேட்டரில் 2-இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 1.41421356 என்று காட்டும். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். 1.99999999 என்று தொடங்கும் விடைதான் வரும், 2 வராது. இன்னும் எத்தனை இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டு போனாலும் இதே நிலைதான். அப்படியானால் வர்க்கம் சரியாக 2 ஆகிற எண் ஒன்று இருக்கிறதா, இல்லை நெருங்கிக்கொண்டே போகலாமே தவிர போய்ச் சேர இடம் இல்லையா?

அந்த எண்ணைத் தேடிப் பார்ப்போம். 1-இன் வர்க்கம் 1. 2-இன் வர்க்கம் 4. எனவே நாம் தேடும் எண் இருந்தால், அது [1, 2] என்ற இடைவெளியில்தான் இருக்க வேண்டும். இரு முனைகளையும் உள்ளடக்கியிருப்பதால் இதை மூடிய இடைவெளி என்பார்கள். இதன் நடுப்புள்ளி 1.5. அதன் வர்க்கம் 2.25, அதாவது 2-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே வலப் பாதியை விட்டுவிட்டு [1, 1.5]-ஐ வைத்துக்கொள்கிறோம். அதன் நடுப்புள்ளி 1.25, வர்க்கம் 1.5625, போதவில்லை. இப்போது [1.25, 1.5] மிஞ்சுகிறது. அடுத்து [1.375, 1.5], அதற்கடுத்து [1.375, 1.4375]. ஒவ்வொரு முறையும் ஒரே விதிதான்: இட முனையின் வர்க்கம் 2-ஐத் தாண்டக் கூடாது, வல முனையின் வர்க்கம் 2-க்குக் குறையக் கூடாது.

ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதற்குள் அடங்குகிறது. நீளம் பாதி பாதியாகக் குறைகிறது. பத்துப் படிகளில் நீளம் 1/1024. இருபது படிகளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் எந்தப் படியிலும் தேடல் முடியவில்லை. இங்கேதான் உள்ளடங்கும் இடைவெளிகளின் தேற்றம் துணைக்கு வருகிறது. மூடிய இடைவெளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி, அவற்றின் நீளம் பூச்சியத்தை நோக்கிச் சுருங்கினால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு புள்ளி உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு என்கிறது அது.

ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்பதை எளிதில் காட்டலாம். பொதுப்புள்ளிகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே ஏதோ ஒரு தூரம் இருக்கும். நீளம் பூச்சியத்தை நோக்கிப் போவதால், அந்தத் தூரத்தைவிடச் சிறிய இடைவெளி ஒன்று என்றாவது வந்தே தீரும். அதற்குள் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

ஒன்றாவது உண்டு என்பதற்கு மெய்யெண்களின் அடிப்படைப் பண்பு ஒன்று தேவை. இட முனைகள் வலப்பக்கமாக நகர்கின்றன, அல்லது நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆனால் எந்த வல முனையையும் அவை தாண்டுவதில்லை. மேலே ஒரு வரம்பு இருக்கும் மெய்யெண் தொகுதிக்கு, அத்தகைய வரம்புகளிலேயே மிகச் சிறியது ஒன்று உண்டு. இதுதான் அந்தப் பண்பு. இட முனைகளுக்கான அந்த மிகச் சிறிய வரம்பை c என்போம். வரம்பு என்பதால் c எந்த இட முனைக்கும் குறையாது. ஒவ்வொரு வல முனையும் ஒரு வரம்பு. C அவற்றில் மிகச் சிறியது என்பதால் எந்த வல முனையையும் தாண்டாது. ஆக c எல்லா இடைவெளிகளிலும் இருக்கிறது.

நம் தேடலில் கிடைத்த c-இன் வர்க்கம் 2-தானா? எந்தப் படியிலும் இட முனை வர்க்கத்துக்கும் வல முனை வர்க்கத்துக்கும் நடுவே 2 இருக்கிறது. C-இன் வர்க்கமும் அதே இரண்டுக்கும் நடுவேதான். அந்த இரு வர்க்கங்களின் வித்தியாசம், இடைவெளியின் நீளத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகாது. நீளம் பூச்சியத்தை நோக்கிப் போவதால் வித்தியாசமும் அப்படியே போகிறது. எனவே c-இன் வர்க்கமும் 2-உம் வேறுவேறாக இருக்க இடமே இல்லை.

பிராகாவைச் சேர்ந்த பெர்னார்ட் போல்சானோ, தொடர்ச்சியான சார்பு ஒன்று ஓர் இடத்தில் குறையாகவும் இன்னோர் இடத்தில் மிகையாகவும் இருந்தால், நடுவே எங்கோ பூச்சியமாக வேண்டும் என்பதை 1817-இல் நிறுவ முனைந்தார். இன்று பாடப்புத்தகங்களில் இடைமதிப்புத் தேற்றம் என்று இருப்பது அதுதான். பாதியாக வெட்டி, குறி மாறும் பகுதியை வைத்துக்கொண்டே போனால் நிரூபணம் வந்துவிடும். ஆனால் அவர் காலத்தில் மெய்யெண்கள் என்றால் என்ன என்பதே சரியாக வரையறுக்கப்படவில்லை. கான்டரும் டெடிகின்டும் 1872-இல் அந்த வரையறைகளை வெளியிட்ட பிறகே நிரூபணத்துக்கு அடித்தளம் கிடைத்தது.

தேற்றத்தின் நிபந்தனைகளில் எதையும் தளர்த்த முடியாது. முனைகளை விட்டுவிட்டு, 0-க்கும் 1-க்கும் இடையே, 0-க்கும் 1/2-க்கும் இடையே, 0-க்கும் 1/3-க்கும் இடையே என்று திறந்த இடைவெளிகளை எடுங்கள். நீளம் பூச்சியத்துக்குச் சுருங்கினாலும் பொதுப்புள்ளி கிடையாது. இருக்கக்கூடிய ஒரே இடம் 0. அதைத்தான் வெளியே விட்டுவிட்டோம். நீளம் பூச்சியத்துக்குப் போகாவிட்டால் பொதுப்புள்ளி பலவாகிவிடலாம்.

எண்களைத் தேடித் தருவதோடு இந்தக் கருவியின் வேலை முடிவதில்லை. கேயார்க் கான்டர் 1874-இல் இதைக் கொண்டு வேறொன்றைக் காட்டினார்: மெய்யெண்கள் அனைத்தையும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையிட முடியாது. அவர் வாதத்தின் எளிய வடிவம் இது. யாரோ ஒரு முடிவற்ற பட்டியலைக் கொடுத்து, எல்லா மெய்யெண்களும் இதில் அடங்கிவிட்டன என்கிறார். [0, 1]-ஐ மூன்று சம பங்காக்கி, பட்டியலின் முதல் எண் இல்லாத பங்கை எடுங்கள். அதை மறுபடி மூன்றாக்கி, இரண்டாம் எண் இல்லாத பங்கை எடுங்கள். முதல் எண் 1/3 என்றால் அது முதலிரண்டு பங்குகளுக்கும் பொதுவான முனை. ஆகவே [2/3, 1]-ஐ எடுக்க வேண்டும். இரண்டாம் எண் 0.7 என்றால் அது அதன் முதல் பங்கில் விழுகிறது. [7/9, 8/9]-ஐ எடுக்கலாம். இரண்டாக வெட்டினால் பட்டியலின் எண் நடுப்புள்ளியிலேயே அமர்ந்து இரு பாதிகளையும் கெடுத்துவிடக்கூடும். மூன்றாக வெட்டினால் ஒரு பங்காவது தப்பும்.

இப்படியே போனால் நீளம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும். எல்லா இடைவெளிகளுக்கும் பொதுவாக ஒரு மெய்யெண் மிஞ்சும். அது பட்டியலின் நூறாவது எண்ணாக இருக்க முடியுமா? முடியாது, நூறாவது படியில் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டோம். எந்த வரிசையைச் சொன்னாலும் இதே பதில்தான். எனவே பட்டியலில் ஒரு மெய்யெண்ணாவது விடுபட்டிருக்கிறது.

இந்த இடத்தில் கவனமான வாசகருக்கு ஓர் ஐயம் எழலாம். பின்னங்களின் பட்டியலுக்கும் இதே வாதம் பொருந்தாதா? பின்னங்களை, அதாவது விகிதமுறு எண்களை, வரிசையிட முடியும் என்பது தெரிந்த செய்தி. அந்தப் பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு பின்னமாக ஒதுக்கிக்கொண்டே வந்தாலும் ஒவ்வொரு படியும் தடையின்றி நடக்கும், பங்குகளின் முனைகளும் பின்னங்களாகவே இருக்கும். கடைசியில் மிஞ்சும் எண் மட்டும் பின்னமாக இருக்காது. பின்னங்களின் உலகுக்குள் நின்று பார்ப்பவருக்கு அந்த இடைவெளிகளில் பொதுவாக எதுவுமே இல்லை, ஆகவே முரண்பாடும் இல்லை. இரண்டு வாதங்களும் கடைசி வரி வரை ஒன்றே. பின்னங்களுக்குப் பொய்யாகி மெய்யெண்களுக்கு உண்மையாகிற ஒரே படி, பொதுப்புள்ளி உண்டு என்ற அந்தப் படிதான்.