கை எலும்பு நெளிஞ்சுபோச்சா? மூணு ஞாயிறு கட்டு, ஆறு ஞாயிறு காவல்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதுரை அண்ணா நகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பூங்காவில் ஏணிக்கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கொண்டிருந்த ஏழு வயது மகள், பிடி வழுக்கி, வலது கையை ஊன்றியபடி விழுந்துவிட்டாள். ஒரே அழுகை! கை கோணவில்லை. ரத்தம் இல்லை. விரல்களை நன்றாக ஆட்டுகிறாள். மணிக்கட்டை ஒட்டி, முழங்கைப் பக்கமாக மட்டும் லேசான வீக்கம். அந்த இடத்தில் விரலை வைத்தால் 'வீல்' என்று கத்துகிறாள்.

''வெறும் சுளுக்குதான்த்தா... தைலம் போட்டு உருவி விட்டா சரியாப் போயிரும்'' என்கிறார் அப்பத்தா. ''பத்து நாள்ல காலாண்டுப் பரீட்சை இருக்கே... எப்படி எழுதுவா?'' என்பது அம்மாவின் கவலை.

முதலில் செய்யவேண்டியது, அந்தக் கையிலுள்ள வளையல், மோதிரம், மந்திரிச்ச கயிறு எல்லாவற்றையும் கழற்றுவது. ராத்திரி வீக்கம் கூடினால் அவை இறுக்கும். பிறகு கழற்றுவது பெரும்பாடு. துணியில் சுற்றிய ஐஸை ஒரு கால்மணி நேரம் வைக்கலாம். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்கவேண்டும். தைலம் தேய்ப்பது, உருவுவது, இழுப்பது மூன்றும் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப் பாட்டில்கள் பலவித பலத்தில் வருகின்றன. ஆகவே லேபிளைப் படித்துவிட்டே ஊற்றுங்கள்.

மறுநாள் எக்ஸ்ரே. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ''எலும்பு லேசா நெளிஞ்சிருக்கு, பயப்படாதீங்க'' என்கிறார். இதை 'பக்கிள்' முறிவு என்பார்கள். 'டோரஸ்' முறிவு என்றும் எழுதுவார்கள்.

நெளிவது என்றால் என்ன? எவர்சில்வர் டம்ளர் கை தவறி விழுந்தால் உடைவதில்லை. ஒரு பக்கம் நெளிந்துபோகிறது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் எலும்பு நம்முடையதைப்போல விறைப்பானது அல்ல. உள்ளங்கையை ஊன்றி விழும்போது, கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு நசுங்கி, ஒரு பக்கம் மட்டும் சின்னதாகப் புடைத்துக்கொள்கிறது. மறுபக்கம் முழுசாக நிற்கும். எலும்பைச் சுற்றியுள்ள கெட்டியான உறையும் கிழியாது. அதனால் இந்த எலும்பு இடம் மாறுவதில்லை. இழுத்துச் சேர்க்கவும் அவசியமில்லை.

இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் வெளிப்பக்கம் நார்நாராகப் பிளக்குமே, எலும்பிலும் அப்படி ஒரு முறிவு உண்டு. அது நாளாக ஆகக் கோணலாகலாம். நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டில் அடிபடுவதும் வேறு ரகம். இந்த இரண்டுக்கும் கட்டு வேறு, கெடு வேறு. ஆகவே டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ''ஒரு பக்கம் நெளிஞ்சது மட்டும்தானா, இல்லே மறுபக்கமும் விட்டிருக்கா?'' நெளிவு மட்டும்தான் என்றால் நிம்மதியாக மேலே படியுங்கள்.

இதற்கு மாவுக்கட்டு அவசியமா? முன்பெல்லாம் போட்டார்கள், இன்றும் சிலர் போடுகிறார்கள். ஆனால் பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளில், 4 முதல் 15 வயது வரையிலான 965 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2022-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஒரு சாராருக்குத் துணி பாண்டேஜ் மட்டும் கொடுத்து, 'திரும்ப வரவேண்டாம்' என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு சாராருக்கு விறைப்பான கட்டு. மூன்றாம் நாள் வலியில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. ஆறாவது வாரத்தில் கையின் உபயோகத்திலும் வித்தியாசமில்லை!

நம் ஊர் வெயிலுக்கு இது நல்ல சேதி. மாவுக்கட்டுக்குள் வியர்த்து, அரித்து, பிள்ளை ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட கதை எத்தனை வீட்டில் இல்லை! அதற்குப் பதில், மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொள்கிற, ஒட்டுப்பட்டை வைத்த ஸ்பிளின்ட் போதும். விரல்களும் முழங்கையும் வெளியே இருக்கும். குளிக்கும்போது கழற்றி மாட்டலாம்.

சரி, எத்தனை நாள்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கணக்கு ஒன்றல்ல, இரண்டு! இரண்டுக்கும் தொடக்கம் விழுந்த நாள்தான். கட்டுப் போட்ட நாள் அல்ல. சுவரில் தொங்கும் காலண்டரில் ஞாயிறுகளை எண்ணுங்கள்.

முதல் கணக்கு, மூன்று ஞாயிறு. அதுவரை ஸ்பிளின்ட். நம் சிறுமிக்கு முதல் நாலைந்து நாள்தான் நிஜமான வலி. ஸ்கூலுக்கு வலி தாங்கும் அளவில் சீக்கிரமே போகலாம். முதல் வாரம் இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடட்டும்; பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிளின்ட்டைக் கழற்றிக் கையை மேஜைமேல் வைத்துச் சாப்பிட்டால் சாம்பார் நாற்றமும் மிச்சம். பரீட்சை? விரல்கள் வெளியே இருப்பதால், பத்தாம் நாள் வாக்கில் ஸ்பிளின்ட்டோடு பேனா பிடித்து எழுதலாம். மூன்றாம் ஞாயிறு வீட்டிலேயே கழற்றிவிடலாம். கை ஓரிரு நாள் விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து அவளாகவே மடக்கி நீட்டட்டும், போதும். நெளிவு மட்டும்தான் என்று உறுதியான பிறகு, மறு எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. விழுந்த மூன்றாம் வாரம் தொட்டாலும் வலிக்கவில்லை என்பதே நமக்குப் போதுமான எக்ஸ்ரே!

இரண்டாவது கணக்கு, ஆறு ஞாயிறு. இதைத்தான் வீட்டில் மறந்துவிடுகிறார்கள். கட்டு கழன்றதும் பிள்ளை நேரே ஏணிக்கம்பிக்குத்தான் ஓடும். வலியில்லை, ஆனால் உள்ளே ஊறிய புது எலும்பு இன்னும் முழுசாக இறுகவில்லை. அதே கையை ஊன்றி மறுபடி விழுந்தால் இம்முறை நெளிவோடு நிற்காது. ஆகவே மூன்றாம் ஞாயிறிலிருந்து ஆறாம் ஞாயிறு வரை நடக்கலாம், எழுதலாம், வரையலாம், கேரம் ஆடலாம். ஏணிக்கம்பி, சறுக்குமரம், சைக்கிள், ஸ்கேட்டிங், கபடி, ஓடிப்பிடித்து விளையாடுவது மட்டும் தள்ளிவைக்கவேண்டும். பி.டி. மாஸ்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். சில டாக்டர்கள் வலியில்லாவிட்டால் இன்னும் சீக்கிரமே விளையாட விடுவார்கள். ஏழு வயசு துடிப்புக்கு ஆறு வாரமே தேவலை என்பது என் கட்சி.

இதற்கு நடுவே அப்பத்தா, ''நாட்டுக்கட்டு கட்டிட்டு வந்துரலாமே'' என்று ஆரம்பிப்பார். அவர் அக்கறையில் குறையில்லை. ''இடம் மாறாத எலும்புக்கு இழுத்துக் கட்ட என்ன இருக்குங்கத்தே?'' என்று பக்குவமாய்ச் சொல்லிப் பாருங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்குகிற கட்டானாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் சரி, வீங்குகிற கையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று தசையே செத்துவிடும். பிறகு விரல்கள் மடங்கினபடியே நின்றுபோகும். கட்டின பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை நீங்கள் நீட்டிவிட்டால் அலறுவது, விரல் மரத்து வெளுப்பது அல்லது நீலம் பாரிப்பது... இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், கட்டைத் தளர்த்திவிட்டு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அவசரமில்லாத, ஆனால் அலட்சியம் கூடாத அறிகுறிகளும் உண்டு. நெளிவு முறிவில் வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். ஒரு வாரமாகியும் குறையாவிட்டாலோ, கை கோணலாகத் தெரிந்தாலோ, மூன்றாம் ஞாயிறு கழித்தும் தொட்ட இடம் வலித்தாலோ, பிரசாதம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாவிட்டாலோ, பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போங்கள். முதலில் நெளிவு என்று நினைத்தது, மறுபக்கமும் விட்ட முறிவாக இருந்திருக்கலாம்.

எலும்பு இருந்த இடத்தில் ஒரு சின்ன முடிச்சு கையில் தட்டுப்பட்டால் பதறாதீர்கள். வளர்கிற பிள்ளை, மாதக்கணக்கில் அது தானாகவே கரைந்து சமமாகிவிடும்.